நந்தி மூழ்கிய தை மாதங்கள்

பண்ணவாடி,
9.2.2025, ஞாயிறு.

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, அதை அவளே போனில் சொல்லியிருப்பாள்.

நீ அனுப்பிய கதையைப் போனில் படிக்க எனக்குக் கண் எட்டவில்லை. உன் மாமன் மகன் முருகனை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் கிழவன் கடலுக்குப் போகிறான், அலை அடிக்கிறது, கலங்கரை விளக்கம் எரிகிறது என்று வந்ததும் உங்கம்மா சிரித்துவிட்டாள். "சேலம் ஜில்லாக்காரிக்குக் கடல் எங்கேருந்து வந்தது?" என்றாள். கல்லூரியில் மீனவர் என்றாலே கடல்தான் ஞாபகம் வரும்போல, சரி. நம்முடையது மேட்டூர் அணைத் தண்ணீர். அலை இல்லாவிட்டாலும் கதை இருக்கிறது.

நீ கேட்டது வயதான மீனவனின் நாட்குறிப்பு மாதிரி, வருஷா வருஷம் மீன் குறைவதை அவன் பார்க்கிற மாதிரி ஒரு கதைக்கு விவரம். உன் கதையில் முதல் வருஷம் நாற்பது கிலோ, அப்புறம் முப்பது, அப்புறம் இருபது, கடைசியில் வெறும் வலை. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. அங்கேதான் எனக்கு இடித்தது. அப்படி இறங்கியிருந்தால் நாங்கள் எல்லாரும் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருப்போம். அது அப்படி வரவில்லை கண்ணு. அதைச் சொல்லத்தான் நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் நோட்டுகள் உனக்குத் தெரியும். சின்ன வயதில் பின்பக்கமெல்லாம் கோழி வரைந்து வைத்திருக்கிறாய். எட்டாவதோடு நின்றவன் ஏன் எழுதினேன் என்றால், தாத்தாவுக்கும் எனக்கும் பங்குக் கணக்கில் சண்டை வராமல் இருக்கத்தான். ஒரு நாளைக்கு ஒரு வரி. எத்தனை துண்டு வலை, வலைக்கண்ணி எத்தனை அங்குலம், என்ன மீன், எத்தனை கிலோ, அப்புறம் நந்தி.

நந்தி என்பது தண்ணீர் அளவு. பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் தினமும் வரும், ரேடியோவிலும் சொல்வார்கள், 120 அடி நிறைந்தால் ஊரே கொண்டாடும். பேப்பர் வாங்கக் கொளத்தூர் போகவேண்டும் என்பதால் எனக்கு ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்திதான் அளவுகோல். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன கோயில் அது. தண்ணீர் நன்றாக இறங்கினால் நந்தி தலை தூக்கும். "நந்தி இல்லை" என்று எழுதியிருந்தால் தண்ணீர் நிறைய என்று பொருள். "நந்தி கழுத்து" என்றால் பாதிக்கும் கீழே. "நந்தி திண்ணை" என்றால் அதன் கால்மாட்டில் உட்கார்ந்து பீடி குடிக்கலாம், அவ்வளவு வறட்சி.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நந்தியைப் பார்க்காமல் கிலோவை மட்டும் பார்த்தால் நோட்டு உன்னை ஏமாற்றும். என்னை ஏமாற்றியது.

2003 நோட்டைப் பார். நீ பிறந்த வருஷம்.

"2003 சித்திரை. நந்தி திண்ணை. வலை 20. கண்ணி 4. கட்லா, ரோகு, மிர்கால், கல்பாசு. 64 கிலோ."

அந்த மாதம் முழுக்க அப்படித்தான். ஐம்பது, அறுபது. உன் அம்மாவுக்குத் தோடு வாங்கியது அந்தப் பணத்தில். நீ பிறந்த நேரம் அணை அள்ளிக்கொடுக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னார்கள், நானும் மார்தட்டிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அப்போது மழை பொய்த்து, காவிரி நூல் மாதிரி ஓடி, அணை குட்டையாகிவிட்டது. பெரிய அண்டாவில் பரவிக் கிடந்த மீன் எல்லாம் ஒரு குண்டானுக்குள் வந்தால் எப்படி இருக்கும்? எங்கே வலை போட்டாலும் மாட்டும். கெட்ட வருஷத்தில்தான் எங்களுக்கு நல்ல மீன்பாடு. அடுத்த நாலைந்து வருஷத்துக்கு இருக்கவேண்டிய மீனை அந்த இரண்டு மூன்று மாதத்தில் வாரிவிட்டோம்.

அப்புறம் தண்ணீர் வந்தது. 2005இல் அணை நிறைந்து பதினாறு கண் மதகும் திறந்தார்கள். உபரித் தண்ணீரோடு மீனும் கீழே போய்விடும். இருக்கிற மீன் இவ்வளவு பெரிய தண்ணீரில் சிதறிவிடும். 2006 தையில் பன்னிரண்டு கிலோ என்று எழுதியிருக்கிறேன். ஆக, அறுபத்து நாலிலிருந்து பன்னிரண்டு. உன் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது பொய்க்கணக்கு. குண்டான் மீனையும் அண்டா மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது.

இது எனக்குத் தானாகத் தெரியவில்லை. சில வருஷத்துக்கு முன் மீன்வளம் படிக்கிற ஒரு பையன் துறைக்கு வந்தான். எல்லாரும் வந்தால் "எவ்வளவு மீன்?" என்றுதான் கேட்பார்கள். அவன் "எத்தனை வலைங்கய்யா போட்டீங்க?" என்று முதலில் கேட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது, என் வலையைக் கணக்கெடுக்க இவன் யார் என்று. லைசென்ஸ் சோதிக்க வந்தவன் என்று நினைத்தேன். அப்புறம் நோட்டைக் காட்டினேன். அவன் மணிக்கணக்காகப் பார்த்துவிட்டு, தை மாதம், நந்தி இல்லாத வருஷங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கச் சொன்னான். தண்ணீரும் ஒன்று, மாதமும் ஒன்று, வலைதான் வேறு. அப்படிப் பொறுக்கி எடுத்ததை உனக்கு எழுதுகிறேன்.

"1989 தை. நந்தி இல்லை. வலை 8. கண்ணி 6. கட்லா 4, வாளை 1. 27 கிலோ."

"1995 தை. நந்தி இல்லை. வலை 15. கண்ணி 5. கட்லா, மிர்கால், ரோகு 9. 26 கிலோ."

"2012 தை. நந்தி இல்லை. வலை 40. கண்ணி 2½. ஜிலேபி ஒரு கூடை, ரோகு 3. 25 கிலோ."

இதைப் பார்த்தால் என்ன தெரிகிறது? இருபத்து ஏழு, இருபத்து ஆறு, இருபத்து ஐந்து. ஒன்றுமே குறையவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் இரண்டு கிலோ. அதனால்தான் சொல்கிறேன், உன் கிழவன் 2012இல் நின்றுகொண்டு "அந்தக் காலத்தில்" என்று பெருமூச்சு விடமாட்டான். தராசு அவனுக்கு அதே எண்ணைத்தான் காட்டுகிறது.

இப்போது வலையைப் பார். எட்டுத் துண்டில் 27 கிலோ என்றால் ஒரு துண்டுக்கு மூன்று கிலோவுக்கு மேல். பதினைந்தில் 26 என்றால் ஒன்றே முக்கால் கிலோ. நாற்பதில் 25 என்றால் அறுநூறு கிராம் சொச்சம். மீன் பாதிப் பாதியாக ஆகிக்கொண்டிருந்தபோது நான் வலையைக் கூட்டிக்கூட்டி அதை என் கண்ணிலிருந்தே மறைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. போன வருஷம் மாதிரி கூடை நிறையவில்லை என்றால் இன்னும் இரண்டு துண்டு சேர்ப்போம், அவ்வளவுதான். வலையும் சல்லிசாகிவிட்டது. தாத்தா காலத்து ரங்கூன் வலையைப் பின்னவும் பொத்தவும் ஒரு மழைக்காலம் போகும். நைலான் தங்கூசி வலை வந்த பிறகு கிழிந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்.

ஆனால் உடம்பு கணக்கு வைத்திருந்தது. எட்டுத் துண்டு வலையை நானும் தாத்தாவும் விடியுமுன்னே அரை மணியில் இழுத்துவிட்டு, பரிசலைக் கரையேற்றி, டீ குடித்துக்கொண்டிருப்போம். நாற்பது துண்டு இழுக்க மூன்று மணி நேரம். அதற்காகத்தான் உன் அம்மா பரிசலில் ஏறினாள். நீ ஸ்கூலுக்குப் போகும்போது தலை பின்ன ஆளில்லாமல் பெரியம்மா வீட்டுக்கு ஓடுவாயே, அது இதனால்தான். எனக்கு வயதாகிறது, அதனால் நேரமாகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முருகனுக்கு இருபத்தைந்து வயது, அவனுக்கும் மூன்று மணி நேரம்தான் ஆகிறது.

அடுத்தது கண்ணி. இது உன் கதையில் இல்லவே இல்லை. இது இல்லாமல் மீன் குறைந்த கதையைச் சொல்ல முடியாது, அதனால் பொறுமையாகப் படி.

வலையில் மீன் எப்படி மாட்டுகிறது? தலை கண்ணிக்குள் போகும், உடம்பு போகாது. பின்வாங்கினால் நூல் செவுள் மூடிக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். அவ்வளவுதான். அப்படியானால் ஒரு கண்ணிக்கு ஒரு அளவு மீன்தான். அதைவிடச் சின்னது உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். ரொம்பப் பெரியது முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ரங்கூன் வலைக்கு அடிக்கயிறு கிடையாது, புடவை காயப்போட்ட மாதிரி தண்ணீரில் தளர்ந்து தொங்கும். அதனால் பெரிய மீன் முட்டினால் தானே சுற்றிக்கொள்ளும். 1989இல் பதினொரு கிலோ கட்லா அப்படித்தான் மாட்டியது. அதைத் தாத்தா பரிசலுக்குள் இழுக்கவில்லை, இழுத்தால் கவிழும். செவுளில் கயிறு கோத்துப் பரிசலோடு கட்டிக் கரைவரைக்கும் நீந்தவிட்டே கொண்டுவந்தார்.

கண்ணியை அளப்பது எப்படி என்றால், ஒரு கண்ணை எடுத்து இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்து, முடிச்சுக்கு முடிச்சு ஸ்கேல் வைப்பது. ஆறு அங்குலக் கண்ணிக்குள் உன் கை முட்டியோடு போகும். அந்த வலை காலியாக வர ஆரம்பித்தால் என்ன அர்த்தம்? மீன் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த அளவு மீன் இல்லை என்று அர்த்தம். சின்ன மீன் நிறைய ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஒருத்தன் ஐந்து அங்குலம் போடுவான், அவனுக்குக் கூடை நிறையும். ஊர் முழுக்க ஐந்துக்கு வரும். ஐந்து காலியாகும்போது இன்னொருத்தன் நாலு. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் இரண்டு மூன்று வருஷம் நல்ல பாடு கிடைக்கும். 1995, 2003, 2012 எல்லாம் இறங்கின புதிது. ஆகமொத்தம் மீன் ஏறவில்லை, நாங்கள்தான் கீழே கீழே போய் அதைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

எடை ஒன்றாக இருந்தாலும் கூடைக்குள் எட்டிப்பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 1989இன் 27 கிலோ, ஐந்து மீன். 2012இன் 25 கிலோவில் மூன்று ரோகு போக மிச்சமெல்லாம் ஜிலேபி. அந்தக் கூடையை நீயே எண்ணினாய், ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூல் லீவு. நூற்று நாற்பது என்று கத்தினாய். எனக்குப் பெருமையாக இருந்தது, என் மகளுக்கு நூறைத் தாண்டி எண்ணத் தெரிகிறது என்று.

ஜிலேபியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நம் காவிரி மீன் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. முட்டையைத் தாய் வாயிலேயே வைத்துப் பொரிக்கும், குஞ்சையும் வாயிலேயே காக்கும். அதற்கு வெள்ளமும் வேண்டாம், யாரும் குஞ்சு விடவும் வேண்டாம். கை அகலம் வருமுன்னே சினை பிடித்துவிடும், அதற்குமேல் பெரிதாக வளராது. கட்லாவும் ரோகுவும் அப்படியில்லை. புது வெள்ளம் ஓடினால்தான் முட்டையிடும், தேங்கின தண்ணீரில் இடாது. அதனால் அணையில் அந்த மீன் நிறைய வேண்டுமென்றால் மீன் பண்ணையில் விரலளவு வளர்த்துக் கொண்டுவந்து விடவேண்டும். விரலிகள் என்பார்கள். பண்ணை விட்டால் நிறைய உண்டு, விடாவிட்டால் குறைவுதான். விட்டதும் வளர்ந்தால்தான் உண்டு.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் என் தலை குனிகிறது. இதையும் எழுதுகிறேன், கதையில் வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம்.

"2014 ஐப்பசி. வலை 40. கண்ணி 2½. ஜிலேபி 6 கிலோ. கட்லா குஞ்சு 32, 5 கிலோ. வித்தாச்சு."

அன்றைக்கு விடிகாலை, இருட்டு இன்னும் போகவில்லை. உங்கம்மா துடுப்பு வலிக்கிறாள், நான் இழுக்கிறேன். நாலு துண்டு ஜிலேபி. ஐந்தாவது துண்டு கனத்தது. டார்ச் அடித்தால் வெள்ளி வெள்ளியாகத் தொங்குகிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, பெரிய தலை, மேல்நோக்கின வாய். கட்லாதான், சந்தேகமே இல்லை. அந்த வருஷம் விட்ட குஞ்சு கூட்டமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நடுவில் என் வலை. தங்கூசி நூல் செவுளுக்குள் வெட்டியிருந்தது. எடுத்துத் தண்ணீரில் விட்டுப்பார்த்தேன், இரண்டு மூன்று வாலை ஆட்டிக்கொண்டு போனது. மீதியெல்லாம் வயிறு மேலாக மிதந்தது. முப்பத்திரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு வந்தோம். செத்ததை விட்டுவிட்டு வந்தால் காக்கைதான் தின்னும்.

கணக்குப் போட்டுப் பார். அந்த முப்பத்திரண்டும் ஐந்து கிலோ. அணையில் தீனி உண்டு, ஒரு வருஷம் விட்டிருந்தால் ஒன்று ஒரு கிலோ தாராளமாக வரும். பாதி செத்துப்போகிறது என்றே வைத்துக்கொள், பதினாறு கிலோ. விலையும் கூட, ஏனென்றால் ஒரு கிலோ கட்லாவுக்குக் கிடைக்கிற ரேட்டு குஞ்சுக்குக் கிடையாது. ஐந்து கிலோவுக்காகப் பதினாறு கிலோவைத் தின்றுவிட்டோம். இது எனக்கு அன்றைக்கே தெரியும் கண்ணு. தெரிந்தும் மறுநாள் அதே இடத்தில் அதே வலையைத்தான் போட்டேன். நான் போடாவிட்டால் பக்கத்துப் பரிசல்காரன் போடுவான், அவன் போடாவிட்டால் அக்கரை நாகமறைக்காரன். பெரிய கண்ணி போடுகிறவன் தன் மீனை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்கிறான், அவ்வளவுதான். சின்னக் கண்ணி கூடாது என்று விதி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீருக்கு நடுவில் யார் ஸ்கேல் வைப்பது?

2017ஐ நீ பார்த்திருக்கிறாய், அதனால் சுருக்கமாக. அணை முப்பது அடிக்கும் கீழே போயிற்று. நந்தி காய்ந்த மண்ணில் உட்கார்ந்திருந்தது, பசங்கள் அதைச் சுற்றிக் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் நின்ற பள்ளத்தில் பரிசலோடு பரிசல் இடித்தது. ஒன்பது நாள், எழுபது எழுபது கிலோவாக. பத்தாம் நாளிலிருந்து வெறும் கூடை. நோட்டில் அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே எழுதவில்லை. நான் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தேன்.

கடைசியாக இந்த வருஷம்.

"2025 தை. நந்தி இல்லை. வலை 60. கண்ணி 2. ஜிலேபி, அரஞ்சான். 9 கிலோ."

போன டிசம்பரில் அணை நிறைந்திருந்தது, அதனால் பழைய தை மாதங்களோடு இதைத் தைரியமாகச் சேர்த்து வைக்கலாம். அறுபது துண்டில் ஒன்பது கிலோ. ஒரு துண்டுக்கு நூற்றைம்பது கிராம். இனி இறங்கக் கண்ணி இல்லை, ஏற்ற வலை இல்லை, இழுக்க முழங்கால் இல்லை. இப்போதுதான் தராசிலும் தெரிகிறது. உன் கதையின் கடைசிப் பக்கம் சரிதான், வெறும் வலைதான். அதற்கு முந்தின பக்கங்கள்தான் தப்பு.

இன்னொன்று. உன் கிழவன் நாட்குறிப்பில் "இன்று மீன் மிகவும் குறைந்துவிட்டது, மனம் கனக்கிறது" என்று எழுதுகிறான். முருகன் அதைப் படிக்கும்போதே நெளிந்தான். முப்பத்தாறு வருஷ நோட்டையும் புரட்டிவிட்டேன், மீன் குறைந்தது என்று ஒரு நாள்கூட நான் எழுதவில்லை. குறைந்த நாளிலெல்லாம் ஓரத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. "காத்து." "நிலா." "கலங்கல்." "வலை சுத்திக்கிச்சு." "அம்மாவாசை விருந்து, லேட்." எல்லாம் உண்மையும்தான். காற்று அடித்தால் வலை ஒதுங்கிச் சுருண்டுவிடும். பௌர்ணமி வெளிச்சத்தில் மீனுக்கு நூல் தெரியும், ஒதுங்கிப் போய்விடும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருந்தது, அதனால் எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை. 1989 நோட்டில் அந்த ஓர வார்த்தை மாதத்துக்கு ஒன்று, இரண்டுதான் வருகிறது. 2012க்கு வந்தால் வாரத்துக்கு மூன்று. போன வருஷ நோட்டில் அது இல்லாத நாளைத் தேடவேண்டியிருக்கிறது. உன் கிழவனையும் அழவிடாதே. அவனைக் காரணம் எழுதவிடு. படிக்கிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். டீச்சர் புரியவில்லை என்று மார்க்கைக் குறைத்தால் எனக்குச் சொல்லு, நான் வந்து பேசுகிறேன்.

தாத்தா சொல்வதையும் எங்கேயாவது வை. நான் பதினொரு கிலோ கட்லாவைப் பார்த்து வாயைப் பிளந்தபோது, "இதென்னடா, வடக்கத்தி மீனு. காவிரிக்குன்னு இருந்த சேல்கெண்டையும் கருமுழிக்கெண்டையும் நீ எங்கடா பாத்த?" என்றார். எனக்குச் செழிப்பாகத் தெரிந்த வருஷம் அவருக்கு ஏற்கெனவே பஞ்சம். முருகனுக்கு இரண்டு கிலோ ரோகு கிடைத்தால் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறான். நான் அவனிடம் ஒன்றும் சொல்வதில்லை, அவன் சந்தோஷத்தை ஏன் கெடுக்கவேண்டும்.

நோட்டுகளில் ஐந்தை மட்டும் துணிப்பையில் போட்டு, அடுத்த வாரம் சென்னை வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். 1989 நோட்டில் நடுப்பக்கம் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது, பிரிக்காதே, கிழிந்துவிடும். பையின் அடியில் இரண்டு வலைத் துண்டு இருக்கும். பழுப்பாக, மொரமொரவென்று இருப்பது தாத்தாவின் ரங்கூன் வலை, ஆறு அங்குலம். கண்ணாடி மாதிரி இருப்பது இப்போது போடுவது. இரண்டிலும் கையை விட்டுப்பார்த்துவிட்டு அப்புறம் எழுது. இரண்டாவதில் மூன்று விரல்தான் போகும், வளையல் போட்டிருந்தால் மாட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. அம்மா அரஞ்சான் கருவாடும் வைத்திருக்கிறாள். ஹாஸ்டலில் வறுத்தால் வார்டன் சத்தம் போடுவார்கள் என்றேன், கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத உட்காருமுன் காலையில் வந்ததும் வழக்கம்போல நோட்டில் ஒரு வரி எழுதினேன். "நந்தி இல்லை. வலை 60. கண்ணி 2. 7 கிலோ. காத்து." அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இன்னைக்கு ஏது காத்து? ஒரு இலை அசையலையே" என்றாள்.

அந்த வார்த்தையை நான் அடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா